முன்பதிவை உறுதி செய்யும் உரையாடல் நிரல்: ‘ஆம்’ என்பதற்கு எத்தனை வடிவம்?

முன்பதிவு செய்தவர் குறித்த நாளில் வருவாரா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டியது நிர்வாகத்தின் பழைய தேவை. முன்பு இதற்காக அஞ்சலட்டை எழுதினார்கள். பின்னர் தொலைபேசியில் அழைத்தார்கள். இப்பொழுது அந்தப் பணியைக் கைப்பேசிச் செய்தி வழியே தானாகக் கேட்டு, தானாகப் பதிலைப் படித்து, தானாக ஏட்டில் பதியும் கணினி நிரல்கள் செய்கின்றன. சாட்பாட் என்று பொதுவாக அழைக்கப்படும் இந்த உரையாடல் நிரல்கள் நம் நாட்டின் பொதுச் சேவைகளில் வேகமாக இடம்பெற்றுவிட்டன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொரோனா தடுப்பூசிக்கான நேரத்தை ‘மைகவ்’ உதவி மையத்தின் வாட்ஸ்அப் எண்ணிலேயே பதிவு செய்துகொள்ள வழி செய்யப்பட்டது. பெங்களூர் மெட்ரோ ரயிலில் 2022 முதலும், தில்லி மெட்ரோ ரயிலில் 2023 முதலும் வாட்ஸ்அப் உரையாடல் வாயிலாகப் பயணச்சீட்டு பெற முடிகிறது.

இத்தகைய நிரலை வடிவமைக்கும்போது அதிகாரிகளின் கவனம் பெரும்பாலும் பெரிய விஷயங்களில் செல்கிறது. கட்டணம் எவ்வாறு வசூலாகும், ஏட்டுடன் எவ்வாறு இணைப்பது, எத்தனை மொழிகளில் வெளியிடுவது என்பன போன்றவை விரிவாக ஆராயப்படுகின்றன. ஆனால் பயனாளி அனுப்பும் ஒற்றைச் சொல்லை நிரல் எவ்வாறு ஏற்கிறது என்ற கேள்வி, பெரும்பாலும் நிரல் எழுதுபவரின் விருப்பத்திற்கே விடப்படுகிறது. அவர் ஒரே ஒரு சொல்லை மட்டும் சரியென்று எழுதிவிட்டால், அதன் விளைவு ஏட்டில் ‘பதில் இல்லை’ என்றும் ‘செல்லாத பதில்’ என்றும் பதிவாகுமே தவிர, காரணம் எங்கும் பதிவாகாது. இக்கட்டுரை அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியது.

ஒரு மருத்துவமனையின் கணக்கு

வட இந்தியாவில் இந்தி பேசும் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அதன் கண் மருத்துவப் பிரிவில் நாளொன்றுக்கு 40 பேருக்கு முன்பதிவு உண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை 5 மணிக்கு 40 பேருக்கும் செய்தி செல்கிறது: ‘நாளை காலை 10 மணிக்குக் கண் பரிசோதனைக்கு வருவீர்களா? 1 வருவேன், 2 வரவில்லை’. இரவு 8 மணிக்குள் உறுதி செய்யாதவர்களின் இடம், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்கு அளிக்கப்படும் என்பது விதி.

கணக்கின் பொருட்டு, பதில்கள் இவ்வாறு வந்ததாகக் கொள்வோம். 8 பேர் பதிலே அனுப்பவில்லை. 17 பேர் `1` என்று அனுப்பினார்கள். 3 பேர் `2` என்று அனுப்பினார்கள். 9 பேர் வருவதாகவே சொன்னார்கள். ஆனால் வேறு வடிவங்களில் சொன்னார்கள். மூவர் `ok`, இருவர் `haan`, ஒருவர் முற்றுப்புள்ளியுடன் `Yes.`, ஒருவர் தேவநாகரியில் `हां`, ஒருவர் `theek hai`, ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம். எஞ்சிய 3 பேரின் பதில்களில் கேள்வியோ நிபந்தனையோ இருந்தது: `kitne baje`, அதாவது எத்தனை மணிக்கு என்பது ஒன்று, `yes but 12 baje`, அதாவது ஆம், ஆனால் 12 மணிக்கு என்பது மற்றொன்று, மூன்றாவது `kal nahi`.

இந்த மூன்றாவது பதில் சிறிது விளக்கத்திற்கு உரியது. இந்தியில் ‘கல்’ என்ற சொல் நேற்றையும் குறிக்கும், நாளையும் குறிக்கும். எனினும், முதல் நாள் மாலையில் அனுப்பப்பட்ட கேள்விக்கு ‘கல் நஹீ’ என்று பதில் வந்தால், நாளை இல்லை, வேறொரு நாள் வேண்டும் என்பதே பொருளாக இருக்கும். பயனாளி சிகிச்சையை மறுக்கவில்லை.

நிரல் `1`, `2` ஆகிய இரண்டை மட்டுமே ஏற்குமானால் என்ன நிகழும்? 17 பேர் உறுதி. 3 பேர் ரத்து. எஞ்சிய 20 பேரும் உறுதி செய்யாதவர்கள். இரவு 8 மணிக்கு அந்த 20 இடங்களும் பிறருக்குச் சென்றுவிடும். வருவதாகச் சொன்ன 9 பேரும் மறுநாள் காலையில் பேருந்து ஏறி வந்து, தம் பெயர் பட்டியலில் இல்லை என்பதை வாயிலில்தான் அறிவார்கள். கண் புரை உள்ள முதியவர் தனியே வருவதில்லை. உடன் வரும் மகனோ மகளோ அன்றைய கூலியை இழக்கிறார்கள். அவர்களது கைப்பேசியில் ‘செல்லாத பதில்’ என்ற செய்தி கிடக்கக்கூடும். ஆனால் `ok` என்று அனுப்பிவிட்டு கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டவர் அதைப் படித்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அதே நிரல் அந்த 9 வடிவங்களையும் ஏற்குமானால், 26 பேர் உறுதியாகிறார்கள். பதில் அனுப்பாத 8 பேரும், விளக்கம் தேவைப்படும் 3 பேரும் ஆக 11 பேர் எஞ்சுகிறார்கள். 11 பேரை ஓர் எழுத்தர் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட முடியும். 20 பேரை அழைப்பது கடினம். ஆகையால் ஒருவரையும் அழைக்காமல் விட்டுவிடும் வழக்கமே மேலோங்கும். இவ்வாறு, ஏற்கப்படும் சொற்களின் பட்டியலில் செய்யும் சிறு மாறுதல், மனித உழைப்பு தேவைப்படும் இடத்தில் அது கிடைக்குமா என்பதையும் தீர்மானிக்கிறது.

மக்கள் ஏன் சொன்னபடி அனுப்புவதில்லை?

செய்தியில் ‘1 என்று அனுப்பவும்’ என்று தெளிவாக இருக்கும்போது மக்கள் ஏன் `ok` என்று அனுப்புகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. கவனக்குறைவு என்று இதனைத் தள்ளிவிடுவது சரியன்று. மக்கள் கைப்பேசியில் பிற மனிதர்களுக்குப் பதில் எழுதியே பழகியவர்கள். அங்கு `ok`, `haan`, `ji` என்பவையே பதில்கள். கருவியும் பதிலை மாற்றுகிறது. தொடுதிரைக் கைப்பேசி முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கும். பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால் பின்னால் ஓர் இடைவெளியையும் சேர்க்கும். இந்தி விசைப்பலகையில் எண்ணைத் தட்டுபவர் `1` என்பதற்குப் பதிலாக `१` என்னும் தேவநாகரி எண்ணை அனுப்பக்கூடும். படிப்பவருக்கு இரண்டும் ஒரே எண். கணினிக்கு அவை வெவ்வேறு குறியீடுகள்.

இந்தியில் ‘ஹாம்’ என்று மூக்கொலியுடன் உச்சரிக்கப்படும் சொல்லே இதற்கு நல்ல உதாரணம். அதனைச் சந்திரபிந்துவுடன் `हाँ` என்றும், அனுஸ்வாரத்துடன் `हां` என்றும் எழுதுவார்கள். இரண்டும் பெருவழக்கில் உள்ளவை. யூனிகோடில் முன்னதன் கடைசிக் குறி U+0901. பின்னதன் கடைசிக் குறி U+0902. ஒன்றை மட்டும் பட்டியலில் வைத்த நிரலுக்கு மற்றொன்று அந்நியச் சொல்லே. ‘இல்லை’ என்பதற்கும் இதே நிலைதான்: `नहीं` என்பது திருத்தமான வடிவம், புள்ளியை விட்டுவிட்டு `नही` என்று எழுதுபவர்களும் மிகப் பலர். ரோமன் எழுத்தில் எழுதும்போது `nahi`, `nahin`, `nhi` என்று அது மேலும் பிரிகிறது.

விசைகள் மட்டுமே உள்ள எளிய கைப்பேசியை வைத்திருப்பவரின் சிரமம் வேறுவிதமானது. அந்தக் கருவியில் ஒரே விசையில் மூன்று நான்கு எழுத்துக்கள் இருக்கும். `CONFIRM` என்று எழுத வேண்டுமானால், 2ஆம் விசையை மூன்று முறை, 6ஆம் விசையை மூன்று முறை, சற்று நிறுத்தி மறுபடியும் அதே விசையை இரண்டு முறை என்று தொடங்கி மொத்தம் 18 அழுத்தங்கள் தேவை. `YES` என்பதற்கு 9. `OK` என்பதற்கு 5. `Y` என்பதற்கு 3. எண்ணுக்கோ விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். எனவே பயனாளியிடம் எதை எழுதச் சொல்வது என்ற கேள்விக்கு எண்ணே சிறந்த விடை. எதை ஏற்றுக்கொள்வது என்ற கேள்விக்கு விடை அதைவிட அகன்றதாக இருக்க வேண்டும். இவ்விரு கேள்விகளையும் ஒன்றெனக் கொள்வதே குழப்பத்தின் வேர்.

கேட்பது மிகச் சுருக்கமாக இருப்பதற்குச் செலவு சார்ந்த காரணமும் உண்டு. சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துக்கள் 160 அடங்கும். இந்தியோ தமிழோ ஆனால் 70 குறியீடுகள் மட்டுமே. அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தியாகக் கணக்கிடப்படும். ‘உறுதி செய்ய ஆம் அல்லது யெஸ் அல்லது ஓகே என்று அனுப்பலாம்’ என்று எல்லா வடிவங்களையும் செய்தியில் விவரிப்பது செலவையும் கூட்டும், குழப்பத்தையும் கூட்டும். செய்தியில் இரண்டே வழிகளைச் சொல்லிவிட்டு, மற்றவற்றை அமைதியாக ஏற்றுக்கொள்வதே முறை.

வாட்ஸ்அப்பில் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் பொத்தான்களை வைக்கலாம். ஒரு செய்தியில் அதிகபட்சம் மூன்று பதில் பொத்தான்கள். ஒவ்வொன்றின் பெயரும் 20 குறியீடுகளுக்குள் இருக்க வேண்டும். பொத்தான் வைத்துவிட்டால் சொற்பட்டியல் தேவையில்லை என்று கருதுவது தவறு. பொத்தானைத் தொடாமல் கீழே உள்ள கட்டத்தில் `ok` என்று எழுதுபவர்கள் எப்பொழுதும் இருப்பார்கள்.

ஏற்கும் முறை

பதில் வந்தவுடன் நிரல் முதலில் அதைத் துப்புரவாக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளையும், கடைசியில் உள்ள புள்ளி, வியப்புக்குறி முதலியவற்றையும் நீக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கள் யாவற்றையும் சிறிய எழுத்தாக்க வேண்டும். பிற எழுத்துமுறைகளின் எண்களைப் பொது எண்ணாக்க வேண்டும். ஒரே எழுத்து இருவேறு குறியீட்டு வரிசைகளில் அமையக்கூடிய மொழிகளில், அவற்றை ஒரே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். தமிழில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டு குறியீடுகளாகவும் வரலாம். கட்டைவிரல் படத்திற்குத் தோல் நிறத்தைக் குறிக்கும் துணைக்குறி சேர்ந்திருந்தால் அதையும் நீக்க வேண்டும். இதன் பிறகே பட்டியலுடன் ஒப்பிட வேண்டும். சாரம் இவ்வளவே:

```
YES = {"1", "y", "yes", "ok", "okay", "ji",
       "haan", "han", "theek hai", "हाँ", "हां", "👍"}
NO  = {"2", "n", "no", "nahi", "nhi", "नहीं", "नही"}

t = clean(reply)
if t in YES:   confirm()
elif t in NO:  ask_change_or_cancel()
else:          ask_once_more()
```

இதில் மிக முக்கியமானது, துப்புரவான பதில் முழுவதும் பட்டியலில் உள்ள ஒரு சொல்லுடன் பொருந்த வேண்டும் என்பது. பதிலுக்குள் எங்கேனும் `ok` இருக்கிறதா என்று தேடும் முறை எளிதாகத் தோன்றும். ஆனால் அது ஆபத்தானது. `not ok` என்பதிலும் `ok` உண்டு; `token` என்பதிலும், `book` என்பதிலும் உண்டு. `yesterday` என்பது `yes` என்றே தொடங்குகிறது. `no problem` என்பது `no` என்று தொடங்கினாலும் சம்மதத்தையே குறிக்கும். இந்தியில் `ji` என்பது மரியாதையான ஆம். `ji nahi` என்பது மரியாதையான மறுப்பு. மேலே கண்ட `yes but 12 baje` என்பதைச் சம்மதமாகக் கொண்டால், நோயாளி 12 மணிக்கு வந்து நிற்பார். இடம் 10 மணிக்கே கழிந்திருக்கும்.

எழுத்துப் பிழைகளைத் தானாகத் திருத்திக்கொள்ளும் உத்திகளும் இங்கே அதிகம் உதவா. நீண்ட சொல்லில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் ஊகிக்கலாம். இரண்டு எழுத்துச் சொல்லில் ஓரெழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். `now` என்பதற்கும் `no` என்பதற்கும் இடையே உள்ள தூரம் ஒரே எழுத்துதான். ஆகவே `ys` போன்ற வழக்கமான பிழைகளை ஊகத்திற்கு விடாமல் பட்டியலிலேயே சேர்த்துவிடுவது நல்லது. கட்டற்ற வாக்கியங்களையும் புரிந்துகொள்ளும் மொழி மாதிரிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் அலுவலகங்களிலும் பட்டியலை முதலில் ஒப்பிட்டு, அதில் அடங்காதவற்றை மட்டும் மாதிரியிடம் அனுப்புவதே பொருத்தம். ஒரு பதில் ஏன் ஏற்கப்பட்டது என்று பின்னர் தணிக்கையில் கேட்டால், பட்டியலைக் காட்டி விடை சொல்ல முடியும்.

பட்டியல் மொழிதோறும் வேறுபட வேண்டும் என்பதும் கவனத்திற்குரியது. செய்தி எந்த மொழியில் சென்றதோ அந்த மொழியின் சொற்களும், எங்கும் வழங்கும் எண்களும், `yes`, `y`, `ok` ஆகியவையும் போதும். எல்லா மொழிச் சொற்களையும் ஒரே பட்டியலில் கொட்டினால், ஒரு மொழியின் சாதாரணச் சொல் மற்றொன்றில் வேறு பொருள் தரும் இடங்கள் முளைக்கும்.

கேள்வி பிழையானால் பட்டியல் பயன்படாது

எத்தனை வடிவங்களை ஏற்றாலும், கேள்வி இரண்டு பொருள் தருமானால் பதிலும் இரண்டு பொருள் தரும். ‘உறுதி செய்கிறீர்களா அல்லது தேதியை மாற்ற வேண்டுமா?’ என்ற கேள்விக்கு வரும் ‘ஆம்’ எதைக் குறிக்கிறது? ‘நாளை வர இயலாதா?’ என்ற எதிர்மறைக் கேள்வி இன்னும் மோசம். நம் மொழிகளில் இதற்கு ‘ஆமாம்’ என்றால், ஆமாம், இயலாது என்று பொருள். ஆங்கிலத்தில் சிந்தித்து இந்தியிலோ தமிழிலோ பெயர்க்கப்பட்ட கேள்விகளில் இந்தப் பிழை எளிதாகப் புகுந்துவிடும். ‘ரத்து செய்யவா?’ என்று கேட்டு அதன் கீழே ‘ரத்து’ என்றொரு பொத்தானை வைப்பதும் இவ்வகையே. அது முன்பதிவை ரத்து செய்யுமா, ரத்து செய்யும் எண்ணத்தை ரத்து செய்யுமா என்று படிப்பவர் திகைப்பார்.

எண்களைப் பயன்படுத்தும்போது, உரையாடலின் வேறு கட்டத்தில் அதே எண்கள் அளவைக் குறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முந்திய செய்தியில் கேட்டிருந்தால், `2` என்ற பதில் இருவர் என்பதாகவும் இருக்கலாம். கைப்பேசி அணைந்திருந்து, மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வரும் சூழ்நிலையில் இக்குழப்பம் உண்மையாகவே நேரும். ஒருவருக்கு இரண்டு முன்பதிவுகள் இருக்குமானால், இரண்டு கேள்விகளையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், ஒன்றுக்குப் பதில் வந்தபின் மற்றொன்றை அனுப்புவதே பாதுகாப்பு.

இங்கே ஒரு துணைச் செய்தியையும் குறிப்பிடலாம். இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்திகளின் வாசகங்கள் 2018ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை விதிகளின்படி முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட வார்ப்புருவுடன் ஒத்துப்போக வேண்டும். ஆகவே குழப்பமான கேள்வியைப் பதிவு செய்துவிட்டால், பின்னர் அதை மாற்ற மறுபடியும் பதிவு செய்தாக வேண்டும். ஏற்கும் சொற்பட்டியலையோ அலுவலகமே எந்த நாளிலும் மாற்றிக்கொள்ளலாம்.

தாராளத்தின் எல்லை

`ok` என்ற சொல்லின் மீது ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பலர் அதனைச் சம்மதம் என்ற பொருளில் அனுப்புவதில்லை; செய்தி கிடைத்தது என்ற பொருளிலேயே அனுப்புகிறார்கள். `theek hai` என்பதும் அவ்வாறே. அப்படியானால் அதைச் சம்மதமாகக் கொள்வது முறையா?

இதற்கு விடை, தவறு நேர்ந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பதைப் பொறுத்தது. மருத்துவமனை உதாரணத்தில், வர எண்ணாதவரின் `ok` சம்மதமாகப் பதிவானால் ஓர் இடம் சிறிது நேரம் காலியாகும், அடுத்தவரை அழைத்துக்கொள்ளலாம். வர எண்ணியவரின் `ok` நிராகரிக்கப்பட்டால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் வீணாகும், சிகிச்சையும் தள்ளிப்போகும். இரண்டு இழப்புகளும் சமமல்ல. எனவே இங்கே தாராளமாக ஏற்பதே பொருளாதார நோக்கிலும் சரி.

பணம் பிடிக்கப்படும் இடத்தில் தராசு மறுபுறம் சாய்கிறது. கைப்பேசி நிறுவனங்கள் பாட்டு, ஜோதிடம் முதலிய கூடுதல் சேவைகளை வாடிக்கையாளரின் தெளிவான சம்மதமின்றித் தொடங்கிக் கட்டணம் பிடிப்பதாக எழுந்த புகார்களை அடுத்து, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலையில் இரட்டை உறுதி முறையைக் கட்டாயமாக்கியது. வாடிக்கையாளர் முதலில் கேட்டுக்கொண்ட பிறகும், தனியாக இரண்டாவது முறை சம்மதம் பெற்றே சேவையைத் தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு சோம்பலான `ok` கட்டணமாக மாறிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் அடங்கியுள்ளது. முன்பணம் திரும்பக் கிடைக்காத விடுதி அறை, கட்டணத்துடன் கூடிய பயணச்சீட்டு ஆகியவற்றுக்கும் இக்கருத்தே பொருந்தும்.

ரத்து செய்வதும் அத்தகையதே. ‘வருவீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பவர் வேறு நாள் விரும்பலாம். ஆகவே `no` என்ற பதில் நேராக ரத்துக்குச் செல்லாமல், ‘1 வேறு நாள், 2 ரத்து’ என்ற இரண்டாவது கேள்விக்குச் செல்ல வேண்டும். உறுதி செய்வதற்கு ஒரு படியும் ரத்து செய்வதற்கு இரண்டு படியும் இருப்பது முரண்பாடாகத் தோன்றினாலும், இடத்தை இழப்பவர் அதை மீண்டும் பெறுவது கடினம் என்பதால் அது தகும்.

எப்பக்கம் பிழை நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள ஒரே வழி, நிரல் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வதாகும். ‘செவ்வாய் காலை 10 மணி, உங்கள் வருகை பதிவாயிற்று. மாற்ற 2’ என்ற ஒரு வரி போதும். `1` என்ற விசைக்கு அடுத்தே `2` இருக்கிறது. விரல் தவறியவர் இந்த வரியைக் கண்டுதான் அறிவார். ‘பதில் ஏற்கப்பட்டது’ என்று மட்டும் சொல்லும் செய்தியால் பயனில்லை, ஏனெனில் எந்தப் பதில் ஏற்கப்பட்டது என்பதை அது தெரிவிப்பதில்லை.

பதில் புரியாதபோது ஒரே ஒரு முறை மீண்டும் கேட்கலாம். அதுவும் ‘செல்லாத பதில்’ என்று கடிந்துகொள்ளாமல், கேள்வியை முன்னைவிடச் சுருக்கமாகக் கேட்க வேண்டும். இரண்டாவது முறையும் புரியாவிட்டால் எழுத்தரின் பட்டியலுக்கு மாற்றிவிட வேண்டும். மூன்றாவது முறை கேட்கும் நிரல்களால் விளைவது எரிச்சலே. புரியாத பதிலையும், பதிலின்மையையும் ‘இல்லை’ என்று கொண்டு இடத்தைப் பறிப்பது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று.

பதிலே எழுதத் தேவையில்லாத முறையும் நம் நாட்டில் உண்டு என்பதை மறக்கலாகாது. இந்தியன் ஆயில் நிறுவனம் 2021 ஜனவரியில், குறிப்பிட்ட எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலே எரிவாயு உருளை பதிவாகும் வசதியை நாடு முழுவதும் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது எளிது. ஆனால் மிஸ்டு கால் ஒரே ஒரு பொருளை மட்டுமே தெரிவிக்கும். வேறு நாள் வேண்டும் என்பதை அதனால் சொல்ல முடியாது.

குறை இருப்பதை எவ்வாறு அறிவது?

நிரலின் பதிவேட்டிலேயே அடையாளங்கள் கிடைக்கும். ஒரே எண்ணிலிருந்து ஒரு நிமிடத்திற்குள் `yes`, `YES`, `Yes sir` என்று அடுத்தடுத்து வந்திருந்தால், அங்கே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார் என்று பொருள். அதைவிட முக்கியமான கணக்கு வாயிலில் உள்ளது: ஏட்டில் உறுதி செய்யாதவர் அல்லது ரத்தானவர் என்று இருந்தும் நேரில் வந்து நின்றவர்கள் எத்தனை பேர்? உறுதி செய்துவிட்டு வராதவர்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலான அலுவலகங்கள் கவனிக்கின்றன. அது பயனாளியின் குறையாகத் தோன்றுவதே காரணம் போலும். நிரலின் குறையைக் காட்டுவது முன்னைய எண்ணிக்கையே.

பொருந்தாத பதில்களை வாரம் ஒரு முறை, பெயரும் எண்ணும் நீக்கி, ஒரு தாளில் அச்சிட்டு, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஊழியர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ‘ஆம்’, ‘இல்லை’, ‘சொல்ல முடியாது’ என்று மூன்றாகப் பிரிப்பார். முதல் இரண்டில் திரும்பத் திரும்ப வருபவை பட்டியலில் சேரும். `hmm` போன்றவை மூன்றாவதிலேயே இருக்க வேண்டும். எண்ணிக்கையில் அதிகம் வருகின்றன என்பதற்காக அவற்றைச் சம்மதமாக்கக் கூடாது. ஒரு சொல் கொண்ட பதில்களின் வகை எல்லையுடையதாதலால், சில வாரங்களில் புதிய வடிவங்கள் வருவது வெகுவாகக் குறைந்துவிடும். அதன்பின் அந்தத் தாளில் எஞ்சுபவை மணி என்ன, எந்த வாயில், பழைய மருந்துச் சீட்டைக் கொண்டுவர வேண்டுமா என்பன போன்ற கேள்விகளாக இருக்கும். அவற்றுள் அடிக்கடி வருபவற்றுக்கான விடையை முதல் செய்தியிலேயே சேர்க்க இடமுண்டா என்று பார்க்கலாம். மற்றவை எழுத்தரின் மேசைக்கு உரியவை.